கர்ப்பகாலச் சர்க்கரை: வீட்டுச் சாப்பாட்டிலேயே ஒரு திட்டம், நோட்டில் ஒரு கணக்கு

பரிசோதனையில் சர்க்கரை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். "சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பியும் விட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் அடுக்களையில் என்ன செய்வது என்பதற்கே இந்த அத்தியாயம். தனிச் சமையலோ விலை உயர்ந்த மாவோ தேவையில்லை. ஒரு 200 மி.லி. கிண்ணம், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

மாத்திரையோ இன்சுலினோ ஏற்கெனவே எடுத்துவருகிறீர்கள் என்றால், இதில் உள்ள எந்த மாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். உணவைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

## தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம்

75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று முடிவு செய்வார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டிய அவசியமில்லாத இந்த ஒற்றைச் சோதனையைப் பரவலாக்கியவர்கள் சென்னை மருத்துவர் வி. சேஷையாவும் அவருடைய 'டிப்சி' குழுவினரும். நம் அரசு மருத்துவமனைகளிலும் இதுவே நடைமுறை.

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. வாரம் கூடக்கூட இந்தத் தடையும் கூடும். தாயின் ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை குழந்தைக்குப் போய்ச் சேரும், ஆனால் தாயின் இன்சுலின் போய்ச் சேராது. அதனால் குழந்தை தன் கணையத்தை அதிகம் வேலை வாங்குகிறது. எடை அளவுக்கு மீறிக் கூடுவதும், பிறந்தவுடன் அதன் சர்க்கரை சட்டென்று இறங்குவதும் இதனால்தான்.

நீங்கள் பிடிக்க வேண்டிய எண்கள் மூன்று:

- காலையில் வெறும் வயிற்றில்: 95-க்குக் கீழ்
- சாப்பிட்டு 1 மணி நேரத்தில்: 140-க்குக் கீழ்
- சாப்பிட்டு 2 மணி நேரத்தில்: 120-க்குக் கீழ்

1 மணி நேரமா, 2 மணி நேரமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது. இந்த அத்தியாயம் 2 மணி நேரக் கணக்கில் போகிறது.

## படி 1: முதல் இரண்டு நாள் எதையும் மாற்றாதீர்கள்

பலரும் செய்யும் முதல் தவறு, முடிவு வந்த அன்றே சோற்றை நிறுத்துவது. அப்படிச் செய்தால் எந்தச் சாப்பாடு சர்க்கரையை ஏற்றியது என்று தெரியாமலே போய்விடும். மாவுச்சத்து அடியோடு குறைந்தால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது உருவாகும் கீட்டோன்கள் கர்ப்பத்தில் வேண்டாத விருந்தாளிகள்.

எனவே இரண்டு நாள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதை அளந்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை சோதியுங்கள்: காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை, பிறகு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் 2 மணி நேரம் கழித்து ஒவ்வொரு முறை. இதில் வெறும் வயிற்று அளவு 126-ஐத் தொட்டாலோ சாப்பிட்ட பிறகு 200-ஐத் தாண்டினாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

## படி 2: சரியாகச் சோதியுங்கள்

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் ஊசி குத்தினால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். விரல் ஈரமாக இருந்தால் ரத்தம் நீர்த்து, எண் குறைந்து வரும்.
2. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். வலி குறைவு. தினமும் விரலை மாற்றுங்கள்.
3. கையைத் தொங்கவிட்டு, விரலை அடியிலிருந்து நுனி நோக்கி நீவிவிடுங்கள். நுனியை மட்டும் பிசைந்து பிதுக்காதீர்கள்.
4. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள். அடுப்பங்கரையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைக்க வேண்டாம். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதிவிடுங்கள்.
5. முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரத்தை எண்ணுங்கள். சாப்பிட்டு எழுந்த நேரத்திலிருந்து அல்ல. 8:00-க்குத் தொடங்கினால் 10:00-க்குச் சோதனை. கைப்பேசியில் அலாரம் வைத்துவிடுங்கள்.
6. ஊசியை யாரோடும் பகிர வேண்டாம். பயன்படுத்தியதைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மருத்துவமனைக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள்.

குறிப்பு: வீட்டு மீட்டரில் 100-க்கு மேல் உள்ள எண் ஏறத்தாழ 15 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். 119 வந்ததற்கு மகிழ்ச்சியும் 123 வந்ததற்கு அழுகையும் தேவையில்லை. ஒரே வேளையில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இலக்கைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அதுதான் செய்தி.

ஸ்ட்ரிப் செலவு கட்டுப்படியாகவில்லையா? முதல் இரண்டு நாள் மட்டும் நான்கு முறை சோதியுங்கள். பிறகு தினமும் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. இன்று காலைச் சாப்பாடு, நாளை மதியம், மறுநாள் இரவு என்று சுற்றிவாருங்கள். இந்த ஏற்பாட்டை மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு இது போதாது.

## படி 3: சாப்பாட்டைப் பங்குகளாக எண்ணுங்கள்

ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து உள்ள அளவை ஒரு 'பங்கு' என்று வைத்துக்கொள்வோம். கிராம் கணக்கை இதோடு மறந்துவிடலாம்.

| உணவு | ஒரு பங்கு |
|---|---|
| இட்லி | நடுத்தர அளவு 1 |
| தோசை | சிறியது 1 |
| சப்பாத்தி | சிறியது, மெல்லியது 1 |
| இடியாப்பம் | சிறியது 1 |
| சோறு | கிண்ணத்தில் மூன்றில் ஒரு பாகம் |
| சுண்டல் (கடலை, பயறு) | அரைக் கிண்ணம் |
| உருளைக்கிழங்கு | நடுத்தர அளவு 1 |
| கொய்யா | நடுத்தர அளவு 1 |
| பால் (சர்க்கரை இல்லாமல்) | 1 டம்ளர் |

பால் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சுண்டல் சற்றுக் கூடுதல். வீட்டுக் கணக்குக்கு இது போதும். கீரை, அவரை, புடலை, வெண்டை, கத்தரி, முட்டைகோஸ் போன்ற காய்களையும் முட்டை, மீன், கோழியையும் எண்ண வேண்டாம். குழம்புப் பருப்பையும் காபியில் கலக்கும் கொஞ்சம் பாலையும்கூட விட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிக்கு ஒரு நாளில் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். நம் கணக்கில் அது 12 பங்கு. இதற்குக் கீழே இறங்காதீர்கள். உங்கள் எடை, வயிற்றில் இரட்டைக் குழந்தை போன்றவற்றைப் பொறுத்து உணவு ஆலோசகர் கூட்டிச் சொல்லலாம்.

அளக்கும்போது வரும் தவறு: சோற்றைக் கரண்டியால் அழுத்தி நிரப்பினால் அதே கிண்ணம் கால்வாசி கூடுதலாகக் கொள்ளும். லேசாக அள்ளிப் போட்டு, விளிம்போடு நிரவுங்கள். ஹோட்டல் சைஸ் தட்டில் வார்க்கும் தோசை இரண்டு பங்குக்கு மேல் போகும். ஒரு சின்னக் கரண்டி மாவுக்கு ஒரு தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## படி 4: 12 பங்கை ஆறு வேளைக்குப் பிரியுங்கள்

2, 2, 3, 1, 3, 1 என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 8:00 (2 பங்கு). 2 இட்லி அல்லது 2 சிறிய தோசை. பருப்பு தாராளமாகப் போட்ட கெட்டிச் சாம்பார். கூடவே ஒரு அவித்த முட்டை. முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு துண்டு பனீர் சேர்க்கலாம். காபி உண்டு, சர்க்கரை இல்லாமல்.

முற்பகல் 10:15 (2 பங்கு). மீதி 2 இட்லி. அல்லது ஒரு கொய்யாவும் அரைக் கிண்ணம் சுண்டலும். 10:00-க்குச் சோதித்த பிறகே இதைத் தொடுங்கள்.

மதியம் 1:00 (3 பங்கு). 1 கிண்ணம் சோறு, 2 கிண்ணம் காய் அல்லது கீரை, அரைக் கிண்ணம் கெட்டிப் பருப்பு. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மத்தி, நெத்திலி, சங்கரா என ஏதாவது மீன் குழம்பு. சுறா வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். கடைசியில் மோர்.

மாலை 4:30 (1 பங்கு). அரைக் கிண்ணம் பாசிப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல். சர்க்கரை போடாத தேநீர்.

இரவு 7:45 (3 பங்கு). 3 சிறிய சப்பாத்தி அல்லது 3 சிறிய தோசை. காய்க் கூட்டு, பனீர் அல்லது முட்டை அல்லது கோழிக் குழம்பு.

படுக்கும் முன் 10:00 (1 பங்கு). சர்க்கரை இல்லாத பால் ஒரு டம்ளர், நாலைந்து பாதாம் அல்லது ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலை.

### காலைச் சாப்பாடு மட்டும் ஏன் சிறியது?

விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் இன்சுலின் மற்ற நேரங்களைவிடக் காலையில் மந்தமாக வேலை செய்யும். இரவில் 3 தோசைக்கு 115 காட்டும் அதே உடல் காலையில் 3 தோசைக்கு 140 காட்டும். இதற்கு டிப்சி குழுவினர் சொல்லும் வழி நம் வீடுகளுக்கு ஏற்றது. வழக்கமாக 4 இட்லி சாப்பிடுபவர் அந்த நாலையும் சாப்பிடட்டும். ஆனால் 2 இட்லியை இப்போதும், 2 இட்லியை 2 மணி நேரம் கழித்தும். மொத்தம் குறைவதில்லை, ஒரேயடியாக ஏறுவது மட்டும் தணிகிறது. பசியும் எடுக்காது.

### தட்டில் எது முதலில்?

பொரியல், கீரை, பருப்பு, முட்டையை முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வையுங்கள். சோற்றின் அளவை மாற்றாமலே எண் கொஞ்சம் இறங்கும். சாப்பிட்டபின் 10 முதல் 15 நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் பலன் உண்டு. ஓய்வில் இருக்கச் சொல்லியிருந்தால், ரத்தப்போக்கு அல்லது வயிறு இறுக்கம் இருந்தால் நடைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

## படி 5: நோட்டு எழுதுங்கள்

எண்ணை மட்டும் எழுதும் நோட்டு மருத்துவருக்குப் பாதிதான் பயன்படும். உங்களுக்கு அதுவும் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை பங்கு, அன்று வேறு என்ன நடந்தது என்பதும் இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மாதிரி இதோ:

| நேரம் | சாப்பிட்டது | பங்கு | சோதனை | குறிப்பு |
|---|---|---|---|---|
| 6:30 | – | – | 93 | நன்றாகத் தூங்கினேன் |
| 8:00 | 2 இட்லி, சாம்பார், முட்டை, சர்க்கரை இல்லாக் காபி | 2 | 10:00: 116 | 10 நிமிடம் நடை |
| 10:15 | 2 இட்லி, சாம்பார் | 2 | – | |
| 1:00 | 2 கிண்ணம் சோறு, குழம்பு, உருளை வறுவல் | 7 | 3:00: 136 | படுத்துவிட்டேன் |
| 4:30 | தேநீர், சுண்டல் | 1 | – | |
| 7:45 | 3 தோசை, சட்னி, சாம்பார் | 3 | 9:45: 114 | |
| 10:00 | பால் | 1 | – | |

குறிப்புக் கட்டத்தில் காய்ச்சல், தூக்கமின்மை, வாந்தி, கல்யாண வீட்டுச் சாப்பாடு, நுரையீரல் முதிர்ச்சிக்காகப் போட்ட ஸ்டீராய்டு ஊசி போன்றவற்றை எழுதுங்கள். ஸ்டீராய்டு போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும். அது உங்கள் சாப்பாட்டுக் குற்றம் அல்ல. சோதித்ததும் உடனே எழுதிவிடுங்கள். ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் தின்ற முறுக்கு மறந்துபோகும்.

எண்ணைக் குறைத்து எழுதாதீர்கள். வீட்டில் திட்டு விழும் என்று 148-ஐ 118 ஆக்கினால், தேவையான மருந்து தள்ளிப்போகும்.

## படி 6: ஒரு வேளையில் ஒரு மாற்றம்

கிடைத்த எண்களை வைத்து என்ன செய்வது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்ப்போம். 27 வாரக் கர்ப்பிணி, முதல் பிரசவம், மருந்து இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள பக்கம் அவருடைய நான்காம் நாள். பத்து நாள் சுருக்கம் இது:

| நாள் | வெறும் வயிறு | காலைக்குப் பின் | மதியத்துக்குப் பின் | இரவுக்குப் பின் | செய்த மாற்றம் |
|---|---|---|---|---|---|
| 1 | 91 | 149 | 138 | 115 | வழக்கமான சாப்பாடு |
| 2 | 92 | 152 | 141 | 112 | அதே |
| 3 | 90 | 130 | 139 | 117 | 4 இட்லி, 2+2 ஆக |
| 4 | 93 | 116 | 136 | 114 | காபியில் சர்க்கரை இல்லை, முட்டை சேர்ப்பு |
| 5 | 92 | 118 | 127 | 113 | உருளைக்குப் பதில் அவரைப் பொரியல் |
| 6 | 91 | 114 | 113 | 101 | மதியம் 1 கிண்ணம் சோறு, கீரை. இரவு 1 தோசை மட்டும் |
| 7 | 99 | 117 | 115 | 98 | இரவு 1 தோசை, பால் இல்லை |
| 8 | 98 | 115 | 112 | 114 | இரவு 3 தோசை, 10 மணிக்குப் பால் |
| 9 | 96 | 116 | 114 | 115 | அதே |
| 10 | 97 | 118 | 116 | 113 | மருத்துவருக்குத் தொலைபேசி |

முதல் இரண்டு நாள். இரவுச் சாப்பாடு இலக்குக்குள் இருக்கிறது. வெறும் வயிறும் சரி. இடிப்பது காலையும் மதியமும். எனவே இரவைத் தொட வேண்டியதில்லை. அதிகம் தாண்டுகிற காலையில் தொடங்க வேண்டும்.

மூன்றாம், நான்காம் நாள். இட்லியைப் பிரித்ததும் 152 என்பது 130-க்கு இறங்கியது. ஆனாலும் 120-க்கு மேல்தான். மறுநாள் காபிச் சர்க்கரையை நிறுத்தி முட்டையைச் சேர்த்ததும் 116. ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்துவிட்டதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முட்டை பிடிக்காமல் போய் நிறுத்தினால் எண் ஏறுமா என்று அவர் மறுபடியும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள் என்பது இதனால்தான்.

ஐந்தாம், ஆறாம் நாள். உருளை வறுவலும் சோறும் ஒரே தட்டில் சேர்ந்தால் 7 பங்கு. காயை மாற்றியதில் ஒரு படியும் சோற்றைக் குறைத்ததில் இன்னொரு படியும் இறங்கி, மதியம் 113-க்கு வந்தது. இதுவரை சரியாக நடந்தது.

ஆறாம் நாள் இரவு. எண்கள் இறங்குவதைப் பார்த்த உற்சாகத்தில் இரவுச் சாப்பாட்டையும் குறைத்துவிட்டார். இரவு எண் 101, 98 என்று அழகாக வந்தது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் 99. பலருக்கும் புதிராக இருக்கும் இடம் இது. ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் காலையில் குறைய வேண்டாமா?

வெறும் வயிற்று எண்ணைத் தீர்மானிப்பது முக்கியமாக உங்கள் கல்லீரல், இரவுச் சாப்பாடு அல்ல. இரவு முழுக்கக் கல்லீரல்தான் ரத்தத்துக்குச் சர்க்கரையை விடுகிறது. அதை அடக்கிவைக்க வேண்டிய இன்சுலின் நாளுக்கு நாள் மந்தமாகிறது. எனவே பட்டினி கிடந்து இந்த எண்ணை இறக்க முடியாது. சிலருக்குப் படுக்கும் முன் பாலும் கடலையும் உதவும், சிலருக்கு உதவாது. இவருக்கு உதவவில்லை. இரவுச் சாப்பாட்டைப் பழையபடி ஆக்கி, பாலும் சேர்த்த பிறகும் 96, 97 என்றே நின்றது.

சாப்பாட்டால் ஆகக்கூடியது இங்கே முடிகிறது. 95-ஐ எட்டியோ தாண்டியோ மூன்று காலை தொடர்ந்து வந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். இவருடைய கணக்கில் ஏழாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை மூன்று காலையும் ஆகிவிட்டன. ஒரு நாள் தாமதித்துப் பத்தாம் நாள் அழைத்தார். மருத்துவர் இரவில் சிறு அளவு இன்சுலினோ மெட்ஃபார்மினோ தொடங்கக்கூடும். அப்போதும் பகல் சாப்பாட்டுத் திட்டம் அப்படியே தொடரும். அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

வெல்லம், கருப்பட்டி, தேன். "வெள்ளைச் சர்க்கரைதானே கூடாது, கருப்பட்டி போட்டுத் தர்றேன்" என்று மாமியார் அன்பாகச் சொல்வார். மீட்டருக்கு மூன்றும் சர்க்கரைதான். வாக்குவாதம் வேண்டாம். கருப்பட்டிக் காபி குடித்த காலை, குடிக்காத காலை என்று இரண்டு எண்களையும் நோட்டில் காட்டுங்கள்.

கேழ்வரகுக் கஞ்சி. சத்தானது என்பது உண்மை. ஆனால் மாவாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சிக் குடிக்கும்போது வேகமாகச் செரித்து எண்ணை ஏற்றிவிடும். அதே மாவை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, 2 மணி நேர எண்ணைப் பாருங்கள். கம்பு, சாமை, தினைச் சோற்றுக்கும் அரிசிச் சோற்றின் அளவையே வையுங்கள். சிறுதானியம் என்பதற்காக இரண்டு கிண்ணம் கிடையாது.

ஜூஸும் சத்துமாவுப் பானங்களும். ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸில் மூன்று நான்கு பழங்கள் இருக்கும், நார்ச்சத்து போயிருக்கும். பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்கள். ஒரு நேரத்துக்கு ஒன்று, சோற்றோடு சேர்க்காமல் இரு வேளைக்கு நடுவில். கடையில் விற்கும் கர்ப்பிணிகளுக்கான பானப் பொடிகளின் டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாகற்காய்ச் சாறு, கஷாயம், சூரணம். பாகற்காய்ப் பொரியலும் தாளிப்பில் போடும் வெந்தயமும் சாப்பாடு. காலையில் வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் சாறும், ஸ்பூன் கணக்கில் வெந்தயப் பொடியும் மருந்து மாதிரி. கர்ப்பத்தில் அவற்றை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

விரதம். வெள்ளி, சஷ்டி, ஏகாதசி, நோன்பு எதுவானாலும் நீண்ட நேரப் பட்டினி இந்த மாதங்களில் கூடாது. மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்தும்கூட.

## பாதுகாப்பு: இந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்

### சர்க்கரை 70-க்குக் கீழே போனால்

உடல் நடுங்கும், வியர்க்கும், படபடப்பும் திடீர்ப் பசியும் வரும். இன்சுலின் போடுபவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

1. உட்காருங்கள். முடிந்தால் சோதியுங்கள். மீட்டர் கையருகே இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் அடுத்த படிக்குப் போங்கள்.
2. 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். இங்கே சர்க்கரைதான் மருந்து. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைக்கும்.
3. 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு.
4. தெளிந்ததும் 2 இட்லியோ ஒரு சாப்பாடோ சாப்பிடுங்கள். நோட்டில் நேரத்தோடு எழுதி, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலுக்குள் போய்விடும். 108-ஐ அழையுங்கள். இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

### உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

- குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால்
- வாந்தியால் சாப்பிட்டது எதுவும் நிற்காவிட்டால்
- சாப்பிட்டபின் எண் 200-ஐத் தாண்டினால்
- கடுமையான தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல்
- ரத்தப்போக்கு, நீர் உடைதல்

குழந்தை அசையவில்லை என்றால் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கிளம்பிவிடுங்கள்.

## இரண்டு வாரம் முடிந்ததும்

மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் மீட்டரையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். முந்தைய இரவு உட்கார்ந்து பத்து நாள் சுருக்க அட்டவணை போல ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். இலக்கைத் தாண்டிய எண்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் மருத்துவர் உங்களுக்கு ஒதுக்கும் சில நிமிடங்களில், எந்த வேளை இடிக்கிறது என்று அந்த வட்டங்களே சொல்லிவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: மருந்து தேவையா, இனி எத்தனை முறை சோதிக்க வேண்டும், அடுத்த ஸ்கேன் எப்போது.

எல்லா எண்ணும் இலக்குக்குள் வந்துவிட்டாலும் சோதனையை நிறுத்திவிடாதீர்கள். 27-ஆம் வாரத்தில் போதுமாக இருந்த சாப்பாட்டுத் திட்டம் 32-ஆம் வாரத்தில் போதாமல் போகலாம். அப்போது படி 6-க்குத் திரும்பி, இடிக்கிற வேளையில் மட்டும் கை வையுங்கள்.

பிரசவம் முடிந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை தானாகவே இறங்கிவிடும். பத்தியச் சாப்பாடும் தூக்கமில்லாத இரவுகளுமாக நோட்டு பரணுக்குப் போய்விடும். அதற்கு முன் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள்: பிரசவத்திலிருந்து 6 வாரம். அன்று மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். அது இயல்பாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரையைப் பாருங்கள், அடுத்த கர்ப்பம் தரிக்கும்போது முதல் பரிசோதனையிலேயே இதைச் சொல்லுங்கள். ஏனென்றால் கர்ப்பத்தில் ஒரு முறை சர்க்கரை வந்தவருக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தைக்கு 6 வாரத் தடுப்பூசி போடவும் அதே சமயத்தில்தான் மருத்துவமனைக்குப் போவீர்கள். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.